எஸ்ஐபி-ல ஆவரேஜ் எப்படி இறங்குது, எப்போ இறங்காது: கையால கணக்கு போட்டுப் பாக்குற முழு வழிகாட்டி

எஸ்ஐபி-ன்னா மாசாமாசம் ஒரே தொகையை மியூச்சுவல் ஃபண்ட்ல போட்டுக்கிட்டே வர்றது. அதைப் போடுறவங்க கிட்ட பேசினா எல்லாரும் ஒண்ணு சொல்வாங்க, "மார்க்கெட் விழட்டும் பாஸ், நமக்கு நல்லதுதான், ஆவரேஜ் ஆகும்". சரி, எவ்ளோ ஆவரேஜ் ஆச்சு, இப்போ உங்க ஆவரேஜ் என்னன்னு திருப்பிக் கேட்டா ஆப்ல ஒரு நம்பரை காட்டுவாங்க, அது எப்படி வந்துச்சுன்னு கேட்டா அவ்ளோதான். இந்தப் பதிவுல ஃபண்ட் எதுவும் சிபாரிசு பண்ணப் போறதில்ல. ஆறே ஆறு தவணையை எடுத்து, அந்த ஆவரேஜ், அதாவது சராசரியா நீங்க வாங்குன விலை, எங்கேர்ந்து வருது, அது எதைச் சொல்லும் எதைச் சொல்லாதுன்னு பாக்கப் போறோம், அப்புறம் அதே கணக்கை உங்க சொந்த ஸ்டேட்மென்ட்ல போட்டுப் பாக்க வழி சொல்றேன். காசு எந்த நாட்டுக் காசா இருந்தாலும் கணக்கு ஒண்ணுதான், அதனால வெறும் நம்பரா எழுதுறேன்.

ஸ்டெப் 1: ஆரம்பிக்கும்போது மூணு விஷயம்

இதை சீக்கிரம் முடிச்சுடலாம். தவணை தேதி, தொகை, பிளான் இந்த மூணுதான்.

தேதிக்கு ரொம்ப மண்டைய உடைக்காதீங்க. 1-ஆம் தேதியா 10-ஆம் தேதியா 25-ஆம் தேதியான்னு ஆராய்ச்சி பண்றவங்க நிறைய பேர், வருஷக்கணக்குல ஓடும்போது அந்த வித்தியாசம் ஒரு பொருட்டே இல்ல. சம்பளம் வந்து ரெண்டு மூணு நாள் கழிச்சு வைங்க, அக்கவுண்ட்ல காசு இருக்கும், தவணை பவுன்ஸ் ஆகாது, அவ்ளோதான் காரணம். அந்த நாள் லீவா இருந்தா அடுத்த வேலை நாளோட என்ஏவி கிடைக்கும். என்ஏவி-ன்னா ஒரு யூனிட்டோட அன்னைய விலை, ஃபண்ட்ல இருக்குற மொத்த சொத்து மதிப்புலேர்ந்து செலவைக் கழிச்சு யூனிட் எண்ணிக்கையால வகுத்தா வர்றது. நாள் முடிஞ்சு ஒரு தடவைதான் கணக்கு போடுவாங்க, அதனால காலைல விழுந்தப்ப வாங்கினேன் சாயங்காலம் ஏறிடுச்சுங்குற கதையெல்லாம் இங்க கிடையாது.

தொகை, எந்த மாசமும் தடை இல்லாம போட முடியுற அளவு. இது ஏன் முக்கியம்னு ஸ்டெப் 5-ல நம்பரோட வருது.

பிளான்ல குரோத், அதாவது லாபம் ஃபண்டுக்குள்ளயே தங்குற வகை, எடுங்க. லாபத்தை அப்பப்போ பிரிச்சுக் குடுக்குற ஆப்ஷன் எடுத்தா ஆவரேஜ் கணக்கே குழம்பிடும். அவங்க காசு குடுக்குற அன்னைக்கு என்ஏவி அந்த அளவு இறங்கும், பாக்குறவங்க "விலை விழுந்துருச்சு, சீப்பா கிடைக்குது"ன்னு நினைப்பாங்க. ஒண்ணும் சீப் இல்ல, உங்க காசுல ஒரு பகுதி உங்க கைக்கே வந்திருக்கு, அவ்ளோதான். அந்தப் பணத்தையே திரும்ப யூனிட்டா மாத்துற வகைன்னா இன்னும் குழப்பம், யூனிட் கூடும், ஆனா நீங்க பாக்கெட்லேர்ந்து போட்ட பணம் கூடாது, அதனால ஆவரேஜ் நல்லா இறங்குன மாதிரி ஒரு மாயை வரும்.

ஸ்டெப் 2: ஆறு தவணையை எழுதிப் பாருங்க

மாசம் 1000 போடுறோம்னு வைங்க. ஆறு மாச என்ஏவி இப்படிப் போகுது: முதல் மாசம் 20, அப்புறம் 16, 12.50, 10, திரும்ப 12.50, கடைசியா 16. ஒரு பள்ளத்துல இறங்கி பாதி ஏறியிருக்கு. (நிஜத்துல மூணு மாசத்துல பாதி விலை ஆகுறது ரொம்ப அபூர்வம், கணக்கு கண்ணுக்குத் தெரியணும்னு பெருசா எடுத்திருக்கேன்.)

| மாசம் | போட்டது | என்ஏவி | கிடைச்ச யூனிட் |
|---|---|---|---|
| 1 | 1000 | 20 | 50 |
| 2 | 1000 | 16 | 62.5 |
| 3 | 1000 | 12.50 | 80 |
| 4 | 1000 | 10 | 100 |
| 5 | 1000 | 12.50 | 80 |
| 6 | 1000 | 16 | 62.5 |
| மொத்தம் | 6000 | | 435 |

மொத்தம் போட்டது 6000, கைல இருக்குறது 435 யூனிட். 6000-ஐ 435-ஆல வகுத்தா 13.79, இதுதான் உங்க ஆவரேஜ் வாங்குன விலை. கடைசி மாசம் என்ஏவி 16, அப்போ உங்க மதிப்பு 435 பெருக்கல் 16, அதாவது 6960. லாபம் 960.

இப்போ ஒரு நிமிஷம் நின்னு பாருங்க. ஃபண்ட் 20-ல ஆரம்பிச்சு 16-ல நிக்குது, அதாவது 20 சதவீதம் இறங்கி இருக்கு, ஆனா நீங்க 16 சதவீதம் லாபத்துல இருக்கீங்க. அந்த 6000-ஐயும் முதல் நாளே மொத்தமா போட்டவருக்கு 300 யூனிட் கிடைச்சிருக்கும், இன்னைக்கு மதிப்பு 4800. அவர் 1200 நஷ்டத்துல நிக்கிறார். எஸ்ஐபி விளம்பரத்துக்கெல்லாம் அடிப்படை இந்த ஒரு படம்தான், பொய்யும் இல்ல. ஆனா இது பாதி கதை, மீதி ஸ்டெப் 4-ல.

ஸ்டெப் 3: ஆவரேஜ் ஏன் 14.50 வரல

ஆறு மாச விலையையும் கூட்டி ஆறால வகுத்துப் பாருங்க, 14.50 வரும். ஆனா நம்ம வாங்குன ஆவரேஜ் 13.79. அந்த 71 காசு எங்கேர்ந்து வந்துச்சு? ஃபண்ட் மேனேஜர் எதுவும் திறமையா பண்ணல, நீங்களும் எதையும் கணிக்கல. தொகை மாறாம இருக்குறதால விலை கம்மியான மாசத்துல யூனிட் தானா அதிகமா வந்துடுது, 10-க்கு 100 யூனிட் வாங்கியிருக்கீங்க, 20-க்கு வெறும் 50தான் வாங்கியிருக்கீங்க. கம்மி விலையில வாங்குன யூனிட் எண்ணிக்கை ஜாஸ்தி, அதனால ஆவரேஜ் அந்தப் பக்கமா சாயுது. இதுவே மாசம் 1000 போடாம, மாசத்துக்கு இத்தனை யூனிட்னு ஒரே எண்ணிக்கையில வாங்கியிருந்தா உங்க ஆவரேஜ் கரெக்டா 14.50-ல நின்னிருக்கும்.

கணக்குல இதுக்கு இசைச் சராசரின்னு பேரு. விலை கொஞ்சமாச்சும் ஏறி இறங்குச்சுன்னா இது எப்பவும் சாதாரண சராசரியை விட கம்மியாதான் இருக்கும், எந்த மார்க்கெட்லயும் இது மாறாது. இந்த ஒண்ணு மட்டும்தான் கேரண்டி.

ஆனா எவ்ளோ கம்மிங்குறது விலை எவ்ளோ ஆடுதுங்குறதைப் பொறுத்தது. விலை ஒரு மாசம் 14, அடுத்த மாசம் 15, திரும்ப 14, 15-ன்னு மட்டும் ஆடுனா சாதாரண சராசரி 14.50, உங்க ஆவரேஜ் 14.48. ரெண்டு காசுதான் வித்தியாசம். அதனால பணத்தை பத்திரமா நிறுத்தி வைக்கிற லிக்விட் ஃபண்ட், குறுகிய கால கடன் ஃபண்ட் இதுலயெல்லாம் "ஆவரேஜிங் பெனிஃபிட்"ன்னு யாராவது சொன்னா சிரிச்சுட்டு நகர்ந்துடுங்க, அங்க என்ஏவி கிட்டத்தட்ட நேர்கோட்டுல ஏறும், ஆவரேஜ் ஆக ஒண்ணும் இல்ல. மாசாமாசம் சேமிக்கிற பழக்கத்துக்காக அதுல போடலாம், அது வேற விஷயம்.

இன்னொண்ணு, அடிக்கடி வர்ற குழப்பம். என்ஏவி 10-ல இருக்குற ஃபண்ட் சீப், 500-ல இருக்குறது காஸ்ட்லின்னு நினைக்கிறது. யூனிட் எண்ணிக்கை நிறைய வரும், அவ்ளோதான், ரெண்டும் 10 சதவீதம் ஏறுனா ரெண்டுலயும் உங்களுக்கு ஒரே லாபம்தான். ஆவரேஜிங் ஒரே ஃபண்டோட விலை அது முன்னாடி இருந்த விலையை விட ஏறுது இறங்குதுங்குறதுல நடக்குறது, ரெண்டு ஃபண்டோட என்ஏவி-யை பக்கத்துல வெச்சுப் பாத்து ஒண்ணும் கண்டுபிடிக்க முடியாது.

ஸ்டெப் 4: அதே ஆறு விலை, வரிசையை மட்டும் மாத்துங்க

இந்த ஸ்டெப்பை தாண்டிப் போகாதீங்க, பென்சில் எடுத்து நீங்களே ஒரு தடவை போட்டுப் பாருங்க.

அதே விலைகள், ஆனா இந்த தடவை மலை மாதிரி: 12.50, 16, 20, 16, 12.50, 10. முதல்ல ஏறி அப்புறம் சரியுது. விலை எல்லாம் அதேதான், அதனால யூனிட்டும் அதே 435, ஆவரேஜும் அதே 13.79. ஒரு காசு மாறல. ஆனா கடைசி விலை இப்போ 10. மதிப்பு 4350. போட்ட 6000-ல 1650 போச்சு, அதாவது 27.5 சதவீதம் நஷ்டம். இதுல வேடிக்கை என்னன்னா, மொத்தத்தையும் முதல் நாளே 12.50-க்கு போட்டவருக்கு 480 யூனிட், மதிப்பு 4800, அவருக்கு 20 சதவீதம்தான் நஷ்டம். அதாவது எஸ்ஐபி போட்டவர் மொத்தமா போட்டவரை விட மோசமா நிக்கிறார்.

மூணாவது வரிசை, ஏணி மாதிரி: 10, 12.50, 12.50, 16, 16, 20. திரும்பவும் 435 யூனிட், திரும்பவும் 13.79. கடைசி விலை 20, மதிப்பு 8700, நல்ல லாபம்தான். ஆனா முதல் நாளே 10-க்கு மொத்தமா போட்டவர்கிட்ட 600 யூனிட், மதிப்பு 12000.

ஆக ஆவரேஜ் மூணு கதையிலயும் ஒண்ணு, ரிசல்ட் மட்டும் 6960, 4350, 8700. ஏன்னா யூனிட் எவ்ளோங்குறதை எல்லா விலையும் சேர்ந்து முடிவு பண்ணுது, ஆனா அந்த யூனிட்டுக்கு எவ்ளோ காசு வரும்ங்குறதை நீங்க விக்கிற அன்னைய ஒரே ஒரு விலைதான் முடிவு பண்ணுது. ஆவரேஜிங் நீங்க வாங்குற பக்கத்தை மட்டும்தான் பாத்துக்கும், விக்கிற பக்கத்துல அது ஒண்ணும் பண்ணாது. "எஸ்ஐபி-ல நஷ்டமே வராது"ன்னு யாராவது சொன்னா இந்த மலை வரிசையை எழுதிக் காட்டுங்க.

ஜப்பான் மார்க்கெட்டை நிஜ உதாரணமா பாக்கலாம். அந்த மார்க்கெட்டோட போக்கைக் காட்டுற நிக்கேய் 225 இண்டெக்ஸ் 1989 டிசம்பர் 29-ல 38,915-ல முடிஞ்சுது, அந்த உச்சத்தை திரும்ப தாண்டுனது 2024 பிப்ரவரி 22-ல, 34 வருஷம் கழிச்சு. உச்சத்துல மொத்தமா போட்டவர், டிவிடெண்டை விட்டுட்டுப் பாத்தா, அவ்ளோ வருஷம் போட்ட விலைக்கே காத்திருக்கணும். அதே உச்சத்துல ஆரம்பிச்சு மாசாமாசம் போட்டுக்கிட்டே வந்தவருக்கு ஆவரேஜ் அந்த 38,915-க்கு ரொம்ப கீழ இறங்கியிருக்கும், ஏன்னா நடுவுல பல வருஷம் இண்டெக்ஸ் அதுல பாதிக்கும் கீழதான் கிடந்துச்சு, அதனால அவர் உச்சம் வர்ற வரைக்கும் காத்திருக்கத் தேவை இருந்திருக்காது. இதுவரைக்கும் ஆவரேஜிங் ஜெயிச்ச கதை. ஆனா அதே ஆள் 2009 மார்ச்ல காசு தேவைப்பட்டு வித்திருந்தா, அப்போ இண்டெக்ஸ் 7,000 சுத்தி, கிட்டத்தட்ட 20 வருஷம் ஒழுங்கா போட்டும் நஷ்டத்துலதான் வெளிய வந்திருப்பார். எஸ்ஐபி ஒண்ணுதான், ஆவரேஜிங்கும் ஒழுங்கா நடந்திருக்கு, வெளிய வந்த நாள்தான் வேற.

இங்கயே "மொத்தமா போடலாமா பிரிச்சுப் போடலாமா"ங்குற கேள்வியும் வரும். கைல பெரிய தொகை இருந்தா மட்டும்தான் இந்தக் கேள்விக்கே அர்த்தம் உண்டு, மாசச் சம்பளத்துலேர்ந்து போடுறவருக்கு வேற வழியே கிடையாது, காசு வரும்போதுதான் போட முடியும். கைல இருக்குறவங்களுக்கு: வேன்கார்ட்ங்குற அமெரிக்க முதலீட்டு கம்பெனி 2012-ல அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா மார்க்கெட்களோட பழைய விவரத்தை வெச்சு பாத்தப்ப, மொத்தமா போட்டது 12 மாசம் பிரிச்சுப் போட்டதை விட சுமாரா மூணுல ரெண்டு தடவை ஜெயிச்சுருக்கு. காரணம் நம்ம ஏணி வரிசைதான், மார்க்கெட் இறங்குற காலத்தை விட ஏறுற காலம் அதிகம், நீங்க பிரிச்சுப் போடுற நேரத்துல மீதிப் பணம் வேலை செய்யாம உக்காந்திருக்கு. ஆனா மீதி ஒரு தடவை இருக்கே, போட்ட அடுத்த மாசமே விழுந்து நீங்க பயந்து எல்லாத்தையும் எடுத்துடுவீங்கன்னா பிரிச்சுப் போடுறதே மேல். என்னைப் பொறுத்தவரைக்கும் பிரிச்சுப் போடுறது பயத்துக்குக் குடுக்குற விலை, அந்த விலையைக் குடுக்குறது தப்பில்ல, ஆனா அதை "லாபம் கூடும்"ன்னு சொல்லி விக்கக்கூடாது.

ஸ்டெப் 5: எந்த மாசம் காசு சம்பாரிச்சுதுன்னு தனித்தனியா பாருங்க

முதல் டேபிளுக்கே திரும்பப் போங்க, பள்ளம் விழுந்து ஏறுன கதை. 960 லாபம் வந்துச்சே, அதை ஒவ்வொரு தவணையா பிரிங்க. 20-க்கு வாங்குன 50 யூனிட் இன்னைக்கு 800, அதுல 200 நஷ்டம். 16-க்கு வாங்குன ரெண்டு தவணையும் சமம், லாபமும் இல்ல நஷ்டமும் இல்ல. 12.50-க்கு வாங்குன ரெண்டும் ஆளுக்கு 280 லாபம். 10-க்கு வாங்குன அந்த ஒரே ஒரு தவணை, 100 யூனிட், இன்னைக்கு 1600, லாபம் 600.

960-ல 600 ஒரே மாசத்துல வந்தது. அந்த மாசம்தான் நியூஸ்ல எல்லாம் சிவப்பா இருந்திருக்கும், ஆப்பைத் திறந்தா நாலு மாசமா போட்ட காசு கரைஞ்சு போன மாதிரி தெரிஞ்சிருக்கும், "ஒரு ரெண்டு மாசம் நிறுத்தி வெச்சுட்டு அப்புறம் பாக்கலாம்"னு தோணியிருக்கும். அப்படி அந்த ஒரு தவணையை மட்டும் விட்டிருந்தா 5000 போட்டு 335 யூனிட், ஆவரேஜ் 14.93, லாபம் 360. எஸ்ஐபி-ய நிறுத்தி வைக்கிற பட்டனோட விலை இது.

அதனால்தான் தொகையை கைக்கு அடக்கமா வைங்கன்னு முதல்லயே சொன்னேன். மார்க்கெட் பெருசா விழுற சமயமும் வேலை போற சமயமும் பல தடவை ஒண்ணா வரும், பொருளாதாரம் மோசமானா ரெண்டும் சேர்ந்துதான் அடிக்கும். அப்போ தவணையை நிறுத்தாம இருக்கணும்னா சில மாசச் செலவுக்குத் தனியா பணம் இருக்கணும், இல்லாட்டி தவணை நிக்கும், அதுக்கும் மேல ஏற்கனவே வாங்குன யூனிட்டை 10-க்கு விக்க வேண்டி வரும். அது ஆவரேஜிங்கை தலைகீழா பண்றது.

அதே நேரம் "விழுந்தா நிறுத்தாதே"ங்குறதை கண்ணை மூடிட்டு எல்லாத்துக்கும் எடுத்துக்காதீங்க. 10-க்கு வாங்குனது லாபம் ஆனதுக்கு ஒரே காரணம் விலை திரும்ப ஏறுனது. நூத்துக்கணக்கான கம்பெனி இருக்குற இண்டெக்ஸ் ஃபண்ட்ல அப்படி ஏறும்னு நம்ப ஒரு நியாயம் இருக்கு, ஒரு துறையை மட்டும் வெச்சு ஓடுற ஃபண்ட்ல அந்தத் துறையே படுத்துட்டா ஆவரேஜ் அழகா இறங்கிக்கிட்டே வரும், என்ஏவி அதுக்கு முன்னாடியே இன்னும் கீழ போய்க்கிட்டே இருக்கும். எப்படித் தெரிஞ்சுக்கிறது? விழும்போது ஃபண்ட் மட்டும் தனியா விழுதா, இல்ல அது ஒப்பிட்டுக்குற இண்டெக்ஸும் சேர்ந்து விழுதான்னு பாருங்க. ரெண்டும் சேர்ந்து விழுந்தா அது மார்க்கெட். இண்டெக்ஸ் நல்லா இருந்து உங்க ஃபண்ட் மட்டும் ரெண்டு மூணு வருஷமா பின்னாடியே வந்தா அது ஃபண்டோட பிரச்சனை, அதை ஆவரேஜிங் சரி பண்ணாது.

ஸ்டெப் 6: உங்க சொந்தக் கணக்கை ஷீட்ல போடுங்க

ஃபண்ட் ஸ்டேட்மென்ட் டவுன்லோட் பண்ணி ஒரு ஸ்ப்ரெட்ஷீட்ல நாலு நெடுவரிசை வைங்க. A-ல தேதி, B-ல போட்ட தொகை, C-ல என்ஏவி, D-ல யூனிட். யூனிட்டை நீங்களே வகுத்துப் போடாம ஸ்டேட்மென்ட்ல இருக்குறதை அப்படியே எடுங்க, ஏன்னா வரி, கட்டணம்னு சில இடத்துல கொஞ்சம் பிடிச்சுட்டு மீதிக்குத்தான் யூனிட் குடுப்பாங்க. முதல் வரி தலைப்புன்னு வெச்சா, ஆறு தவணைக்கு ஆவரேஜ் இது:

```
=SUM(B2:B7)/SUM(D2:D7)
```

ஒத்துப் பாக்கணும்னா, தொகை எல்லா மாசமும் சமமா இருக்குற பட்சத்துல, விலையை மட்டும் வெச்சு இதைப் போடுங்க:

```
=HARMEAN(C2:C7)
```

ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணா வரணும், நம்ம உதாரணத்துல ரெண்டும் 13.79. பெருசா வித்தியாசம் வந்தா நடுவுல ஏதோ ஒரு தவணை போகல, இல்ல தொகையை மாத்தியிருக்கீங்க, இல்ல கொஞ்சம் யூனிட் வித்திருக்கீங்கன்னு அர்த்தம். வித்திருந்தா ஆப் காட்டுற ஆவரேஜும் மாறும், முதல்ல வாங்குனதுதான் முதல்ல போகும்னு கணக்கு வெக்கிற இடத்துல பழைய யூனிட்டோட விலை கணக்கை விட்டே போயிடும், அதனால மிச்சம் இருக்குற ஆவரேஜ் திடீர்னு ஏறியோ இறங்கியோ தெரியும், பயப்பட வேண்டாம்.

அடுத்தது லாபம் எத்தனை சதவீதம்னு பாக்குறது, இங்கதான் நிறைய பேர் ஏமாறுறாங்க. 12 மாசம் 1000 போட்டீங்க, கடைசி தவணை போட்டு ஒரு மாசம் கழிச்சு மதிப்பு 12,780-ன்னு வைங்க. 12,000-க்கு 780 லாபம், 6.5 சதவீதம், சே இவ்ளோதானான்னு தோணும். ஆனா முதல் ஆயிரம்தான் 12 மாசம் இருந்துச்சு, கடைசி ஆயிரம் ஒரே மாசம்தான் இருந்துச்சு, சராசரியா ஒவ்வொரு ஆயிரமும் ஆறரை மாசம்தான் வேலை பாத்திருக்கு. அப்படிப் பாத்தா வருஷத்துக்கு சுமாரா 12 சதவீதம். இந்தக் கணக்கை ஸ்ப்ரெட்ஷீட்ல இருக்குற XIRR ஃபார்முலா சரியா போடும். அதுக்கு B-ல போட்ட தொகையெல்லாம் மைனஸ்ல போட்டு, கடைசி வரியில இன்னைய தேதியும் இன்னைய மதிப்பை பிளஸ்லயும் போட்டு:

```
=XIRR(B2:B14,A2:A14)
```

மைனஸ் போட மறந்தா #NUM! னு வரும், அது ரொம்ப சகஜம். ஆவரேஜ் கணக்கு இருக்குற ஷீட்லயே இதைப் பண்ணாம வேற ஷீட்ல பண்ணுங்க, இல்லாட்டி மைனஸ் வந்து ஆவரேஜ் கெட்டுடும். இன்னொண்ணு, ஒரு வருஷம் ஆகுறதுக்கு முன்னாடி XIRR-ஐ நம்பாதீங்க. நம்ம ஆறு மாச உதாரணத்துல போட்டுப் பாத்தா கிட்டத்தட்ட 100 சதவீதம்னு காட்டும், ஏன்னா அந்தக் கொஞ்ச நாள் லாபம் வருஷம் முழுக்க அதே வேகத்துல ஓடும்னு வெச்சு அது கணக்கு போடுது. இதை ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் பெருமையா போடுறவங்களைப் பாத்திருப்பீங்க.

ஸ்டெப் 7: வருஷம் ஆக ஆக ஆவரேஜ் மரத்துப் போகும்

முதல் மாசம் 20, ரெண்டாவது மாசம் 16-ன்னா ஆவரேஜ் சட்டுன்னு 17.78-க்கு இறங்குது. ஒரே தவணையில அவ்ளோ மாற்றம், ஏன்னா மொத்தமே ரெண்டு தவணைதான்.

இப்போ பத்து வருஷம் தள்ளிப் போங்க. 120 தவணை, 1,20,000 போட்டாச்சு, 6000 யூனிட், ஆவரேஜ் 20, என்ஏவி 30, மதிப்பு 1,80,000. மார்க்கெட் 20 சதவீதம் விழுந்து என்ஏவி 24 ஆகுது. அந்த மாசத் தவணைக்கு 41.67 யூனிட் கிடைக்கும், புது ஆவரேஜ் 20.03. கவனிச்சீங்களா, மார்க்கெட் விழுந்தும் ஆவரேஜ் ஏறியிருக்கு! ஏன்னா 24-ங்குறது உங்க பழைய 20-ஐ விட இன்னும் மேலதான். சரி, பாதியா விழுந்து 15-க்கே போச்சுன்னு வெச்சாலும் ஆவரேஜ் 20-லேர்ந்து 19.95-க்குத்தான் வரும். ஆனா 30-லேர்ந்து 24-க்கு வந்த அந்த இறக்கத்துல உங்க மதிப்பு 36,000 குறைஞ்சிருக்கு, அது மூணு வருஷத் தவணை. புதுசா போடுற ஒரு ஆயிரம் இதை என்ன பண்ணிட முடியும்?

இதுலேர்ந்து ரெண்டு விஷயம் தெரியுது. ஏறுற மார்க்கெட்ல ஆவரேஜும் வருஷாவருஷம் ஏறத்தான் செய்யும், அதைப் பாத்து "ஆவரேஜ் ஏறுதே, நிறுத்திடவா"ன்னு கேக்க வேண்டாம், உங்க என்ஏவி ஆவரேஜுக்கு மேல இருக்குற வரைக்கும் புதுத் தவணை ஒவ்வொண்ணும் ஆவரேஜை மேலதான் தள்ளும். ரெண்டாவது, ஆரம்ப வருஷங்கள்ல மார்க்கெட் இறக்கத்துக்கு ஆவரேஜிங் நல்ல மருந்து, கடைசி வருஷங்கள்ல அது வேலைக்கு ஆகாது, அப்போ சேர்த்து வெச்ச குவியல்தான் பெருசு, தவணை சின்னது.

ஸ்டெப் 8: வெளிய வர்றதையும் பிரிச்சுப் பண்ணுங்க

கடைசி நாள் விலைதான் எல்லாத்தையும் முடிவு பண்ணும்னா, கடைசி "நாள்"னு ஒண்ணை வெச்சுக்காம இருக்குறதுதான் வழி. பணம் ஒரு குறிப்பிட்ட தேதிக்கு வேணும்னா, பசங்க படிப்போ வீடோ எதுவா இருந்தாலும், ஒரு மூணு வருஷம் முன்னாடியே ஆரம்பிச்சு கொஞ்சம் கொஞ்சமா பங்கு ஃபண்ட்லேர்ந்து ஆடாத ஃபண்டுக்கோ டெபாசிட்டுக்கோ மாத்திக்கிட்டே வாங்க. 36 மாசம் இருந்தா இருக்குற யூனிட்டை 36-ஆல வகுத்து மாசம் அத்தனை யூனிட்.

இங்க கவனிங்க, யூனிட் எண்ணிக்கைன்னு சொன்னேன், தொகைன்னு சொல்லல. ஏன்னா வாங்கும்போது நமக்கு உதவுன அதே கணக்கு விக்கும்போது நம்மளையே திருப்பி அடிக்கும். மாசம் 1000 எடுக்கிறேன்னு வெச்சா, விலை 20-ல இருக்கும்போது 50 யூனிட்தான் விப்பீங்க, 10-க்கு விழுந்தா 100 யூனிட் விக்க வேண்டி வரும். அதே ஆறு விலையில மாசம் 1000 எடுத்தா 435 யூனிட் காலி, சராசரியா 13.79-க்கு வித்திருக்கீங்க. சமமா மாசம் 72.5 யூனிட் வித்திருந்தா அதே 435 யூனிட்டுக்கு சராசரி 14.50, கைக்கு வர்றது 6307.50. முன்னதுல 6000தான்.

மாசச் செலவுக்காக எடுக்குறவங்களுக்கு தொகை நிலையா வேணும், யூனிட் கணக்குல எடுத்தா ஒரு மாசம் கூட வரும் ஒரு மாசம் குறைய வரும். அவங்க ரெண்டு மூணு வருஷச் செலவை ஆடாத ஃபண்ட்ல தனியா போட்டு, மாசத் தொகையை அதுலேர்ந்து எடுத்துட்டு, பங்கு ஃபண்ட் யூனிட்டை மார்க்கெட் ஒழுங்கா இருக்குற வருஷத்துல மட்டும் வித்து அந்தப் பக்கத்தை நிரப்பிக்கலாம். மாத்தும்போது வெளியேறும் கட்டணம், லாபத்துக்கு வரி இருக்கான்னு ஒவ்வொரு தவணைக்கும் தனியா பாக்கணும், ஏன்னா எஸ்ஐபி-ல ஒவ்வொரு தவணையும் ஒரு தனி கொள்முதல். இந்தக் கட்டணத்துக்கும் வரிக்கும் கால வரம்பு இருக்குற இடத்துல, மூணு வருஷம் முன்னாடி ஆரம்பிச்ச எஸ்ஐபி-ன்னாலும் போன மாசத் தவணைக்கு வயசு ஒரு மாசம்தான்.